படத்தில் ஒரு நிலவை வைப்பது எப்படி?



கல்லூரி ஆண்டு மலரின் அட்டைக்கென்று ஒரு மாணவர் என்னிடம் ஒரு படம் கொண்டுவந்தார். கன்னியாகுமரிக் கடலின் நடுவே பாறைமேல் நிற்கும் திருவள்ளுவர் சிலை. அதன் தலைக்குப் பின்னால், சிலையையே விழுங்கிவிடும் அளவுக்கு ஒரு முழுநிலா. வானம் கருநீலம். முன்னால் மணலில் இரண்டு வள்ளங்கள். சிலையைத் தன் கைபேசியில் எடுத்தது அவர்தான். நிலவை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் முகம் வாடியிருந்தது. மலர்க் குழுவுக்கு அனுப்புமுன் வீட்டில் காட்டியிருக்கிறார். கடலில் 30 ஆண்டுகளாக மீன் பிடிக்கும் அவருடைய மாமா படத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “மக்களே, இது எங்க கடல்ல உதிச்ச நிலா இல்லியே” என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, “வள்ளத்தோட நிழலைப் பாரு” என்றாராம். அவ்வளவுதான். “என்ன தவறு சார்? இன்னும் நான்கு நாளில் படம் கொடுக்க வேண்டும்” என்று கேட்டார் மாணவர்.

அந்தப் படத்தில் தவறு ஒன்றல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நிலவின் அளவு. நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அது நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 110 வரும். இந்த 110 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 110 மீட்டர் தொலைவில் இருக்கும் 1 மீட்டர் அகலப் பொருள் நிலவைச் சரியாக மறைக்கும். 220 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் பொருள் மறைக்கும். நீட்டிய கையின் நுனி கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால், அங்கே ஐந்தரை மில்லிமீட்டர் போதும். பென்சிலின் பின்முனை அதைவிட அகலம். அடுத்த பௌர்ணமியன்று ஒரு பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நிலவு முழுவதும் மறைந்துவிடும்.

“அடிவானத்தில் உதிக்கும்போது நிலவு பெரிதாக இருக்குமே?” என்று கேட்பீர்கள். இருக்காது, அப்படித் தோன்றும். அதே பென்சில் உதிக்கும் நிலவையும் மறைக்கும், நள்ளிரவில் தலைக்கு மேல் நிற்கும் நிலவையும் மறைக்கும். உண்மையில் உதிக்கும்போது நிலவு, பூமியின் ஆரத்தளவு தூரம் நம்மிடமிருந்து கூடுதலாக விலகியிருப்பதால், சற்றே சிறிதாகத்தான் இருக்கிறது. பெரிதாகக் காட்டுவது நம் மூளை. கையால் வரையும் ஓவியர் அந்தத் தோற்றத்துக்கு இடம் கொடுத்து நிலவை ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாக்கினால் நான் குறை சொல்லமாட்டேன். புகைப்படத்தில் அது செல்லாது. கேமராவுக்கு மூளை இல்லை.

இனி மாணவரின் படத்துக்கு வருவோம். அவர் சிலையிலிருந்து சுமார் 450 மீட்டர் தள்சி நின்று எடுத்ததாகச் சொன்னார். 450-ஐ 110-ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 4. அதாவது சிலை நிற்கும் தொலைவில் 4 மீட்டர் அகலமுள்ள ஒரு தட்டை வைத்தால் அது நிலவை மறைத்துவிடும். பீடத்தோடு சேர்த்துச் சிலையின் உயரம் 133 அடி. மீட்டரில் 40 சொச்சம். ஆகவே அந்தப் படத்தில் நிலவு, சிலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். மாணவர் ஒட்டியிருந்த நிலவோ சிலையைவிடப் பெரியது; இருக்க வேண்டியதைப்போல் 12 மடங்கு. நிலவு அவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அது 12 மடங்கு நெருங்கி வரவேண்டும். கடலில் ஓதத்தை எழுப்பும் விசை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. 12-ஐ மும்முறை பெருக்கினால் 1,728. ஓதம் எழுப்பும் விசை அத்தனை மடங்கு கூடினால் அந்த மணலில் வள்ளமும் இருக்காது, படம் எடுத்தவரும் இருக்கமாட்டார்!

“ஆனால் சிலர் எடுத்த உண்மையான படங்களிலேயே கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலவு இருக்கிறதே, சார்?” என்றார் அவர். நல்ல கேள்வி. அவர்கள் நிலவைப் பெரிதாக்கவில்லை, கோபுரத்தைச் சிறிதாக்கினார்கள். எப்படி? பின்னால் நடந்தார்கள். சிலையிலிருந்து நாலரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், அந்தத் தொலைவில் நிலவை மறைக்க 40 மீட்டர் அகலம் வேண்டும். அப்போது சிலையும் நிலவும் சம உயரம் ஆகிவிடும். பிறகு நீண்ட குவியத்தூரம் கொண்ட லென்ஸால் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்குகிறார்கள். லென்ஸை மாற்றினால் சிலையும் நிலவும் ஒன்றாகவே வளரும், ஒன்றாகவே சுருங்கும். அவற்றின் விகிதம் மாறாது. விகிதத்தை மாற்றுவது நம் கால்கள்தாம். ஆகவே அருகில் நின்று எடுத்த படத்தில் தூரத்து நிலவை ஒட்டினால், லென்ஸ் தெரிந்தவர் உடனே கண்டுகொள்வார்.

படத்தில் தொலைவு தெரிந்த பொருள் எதுவும் இல்லாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. உங்கள் கைபேசியை ஒரு சுவரிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சுவரில் எங்கே விழுகின்றன என்று நண்பரைக் கொண்டு சாக்கட்டியால் குறிக்கச் சொல்லி, நடுவிலுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பல கைபேசிகளின் முதன்மைக் கேமராவில் அது 2 மீட்டர் 60 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 2 மீட்டர் தொலைவில் நிலவுக்குரிய அகலம் 18 மில்லிமீட்டர். 2,600-ஐ 18-ஆல் வகுத்தால் 144-க்குச் சற்று மேல். எனவே அந்தக் கைபேசிப் படத்தில் நிலவின் அகலம், படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 145-இல் ஒரு பங்கு. படம் 4,000 பிக்சல் அகலம் என்றால் நிலவுக்கு 27 பிக்சல்! மாணவர் நம்பவில்லை. அன்று வளர்பிறை பதினோராம் நாள். மாலையில் மொட்டைமாடியிலிருந்து ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். 27-தான் வந்தது. கைபேசியில் நிலவை எடுத்து ஏமாறாதவர் யார்? அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் இந்த 27 பிக்சல்தான்.

அளவு சரியாயிற்று. இப்பொழுது மாமா சொன்ன நிழலுக்கு வருவோம். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

படத்துக்குள் நிலவு தெரிகிறது என்றால் என்ன பொருள்? நாம் நிலவைப் பார்த்து நிற்கிறோம். இரவில் அதுவே விளக்கு என்றால், வெளிச்சம் எதிரிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. அப்படியானால் நமக்கும் நிலவுக்கும் நடுவிலுள்ள பொருள்களின் முதுகில்தான் ஒளி விழும். நம் பக்கம் இருட்டாக இருக்கும். நிழல்கள் நம்மை நோக்கி நீண்டு வரும். அவற்றைப் பின்னோக்கி நீட்டினால், நிலவுக்கு நேர்கீழே அடிவானத்திலுள்ள ஒரு புள்ளியில் போய்ச் சேரும். கைபேசியைக் கிடையாகச் சாய்க்காமல் பிடித்து எடுத்தால், படத்தின் மேல்விளிம்பு அடிவானத்திலிருந்து சுமார் 26 பாகை உயரத்தில்தான் இருக்கும். நிலவு அந்த உயரத்தில் நின்றாலே ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு. இன்னும் தாழ்ந்தால் நிழல் இன்னும் நீளும். ஆகவே படத்துக்குள் நிலவு இருந்தால், நிழல்கள் நீண்டவை, நம் பக்கம் வருபவை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்த நிலவு வந்து சேர்ந்த நிலவு.

மாணவரின் படத்தில் வள்ளங்களின் நிழல் நம்மைவிட்டு விலகி, சிலையை நோக்கி ஓடியது. சிலையின் முகமோ பளிச்சென்று இருந்தது. “இதை எப்போது எடுத்தீர்கள்?” என்று கேட்டேன். “சாயங்காலம், சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது” என்றார். புரிந்துவிட்டது. கரையிலிருந்து சிலை கிழக்கே இருக்கிறது. மேற்கே தாழ்ந்த சூரியன் படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த ஒளியில் எடுத்த படத்தைக் கணினியில் இருட்டாக்கி, நீலம் பூசி, நள்ளிரவு ஆக்கியிருக்கிறார். நிறம் மாறிற்று, நிழல் மாறவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அவர் வானத்தை இருட்டாக்காமல் விட்டிருந்தால் படம் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும்! பௌர்ணமி என்றால் என்ன? பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், எதிர்ப்பக்கம் நிலவு. அதனால்தான் சூரியன் மேற்கே மறையும் வேளையில் முழுநிலா கிழக்கே உதிக்கிறது. கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமியன்று கூட்டம் கூடி இந்த இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழும்? சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது நிலவின் பக்கம். வள்ளத்தின் நிழல்கள் அனைத்தும் நிலவு உதிக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டும். சில பாகை இப்படி அப்படி விலகலாம். மாணவரின் படத்தில் நிழல்கள் சிலையை நோக்கி ஓடியதால், மாலை நிலவை வைக்கச் சரியான இடமும் சிலையின் அருகேதான்.

என்ன உயரத்தில் வைப்பது? நம் ஊர் அட்சரேகையில் நிலவு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். மணிக்கு 15 பாகை என்று கொள்ளலாம். தன் விட்டத்தைத் தானே கடக்க 2 நிமிடம். சிலையின் உச்சி, நின்ற இடத்திலிருந்து 5 பாகை உயரம். அதாவது நிலவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பத்து. அந்த உயரத்தை எட்ட நிலவுக்கு உதித்தபின் 20 நிமிடம் பிடிக்கும். படம் எடுத்ததோ சூரியன் மறைய 30 நிமிடம் முன்பு. ஆகவே நிலவு, சூரியன் மறைவதற்கு 50 நிமிடம் முன்னதாக உதித்திருக்க வேண்டும். நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிப்பது. எனவே அந்த நிலவு பௌர்ணமிக்கு முதல்நாள் நிலவு! அதற்கும் முழுநிலவுக்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. இப்படி ஒரு படம் தன் தேதியைத் தானே சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இது வெறும் விளையாட்டு அல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு நிற்கும் ஒரு படத்தை எடுத்தார். மிகப் புகழ்பெற்ற அந்தப் படத்தை எடுத்த நாளை அவர் குறித்துவைக்கவில்லை; ஆண்டையே பலவாறாகச் சொல்லிவந்தார். படத்திலுள்ள நிலவின் இடத்தைக்கொண்டு கணக்கிட்ட டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் எழுத்தாளர், அது 1941 நவம்பர் 1-ஆம் நாள் மாலை 4.49 மணிக்கு எடுக்கப்பட்டது என்று 1991-இல் வெளியிட்டார். உண்மை நிலவு என்பதால் கணக்கு ஒத்துவந்தது. ஒட்டிய நிலவாக இருந்திருந்தால், அதே கணக்கு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பிறை வைக்க நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. பிறையின் ஒளிமிக்க வளைவு எப்போதும் சூரியன் இருக்கும் பக்கமே பார்த்திருக்கும். மூன்றாம் பிறை மாலையில் மேற்கே தாழ்வாகத் தெரியும், நம் ஊரில் தோணி போலச் சாய்ந்து கிடக்கும். நள்ளிரவில் உச்சியில் தெரியவே தெரியாது. பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே விண்மீன் வைப்பதும் வேண்டாம். அங்கே நிலவின் இருண்ட உடல் இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள விண்மீனை அது மறைக்கும்.

அடுத்தது ஒளி. மாணவர் ஒட்டிய நிலவில் பள்ளங்களும் கறைகளும் துல்லியமாகத் தெரிந்தன. கீழே சிலையும் மணலும் கூடத் தெளிவாகத் தெரிந்தன. நள்ளிரவில் இரண்டும் ஒரே படத்தில் அமையாது. ஏனென்றால் நிலவு பகல் வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. அதைப் படமெடுக்கப் பகலில் ஒரு பாறையை எடுப்பது போன்ற குறைந்த நேரம் போதும். ஆனால் நிலவொளியில் கிடக்கும் மணலின் மேல் விழும் ஒளி, வெயிலைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு. மணல் தெரியும்படி கேமராவைத் திறந்துவைத்தால் நிலவு வெளிறி, வெறும் வெள்ளை வட்டமாகப் படர்ந்துவிடும். நிலவின் கறை தெரியும்படி எடுத்தால் மணல் கருத்துவிடும். மின்விளக்கு ஒளி இல்லாத நள்ளிரவுக் காட்சி வேண்டுமானால், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அந்திப் பொழுதில்தான் இந்த வேற்றுமை சுருங்குகிறது. ஆனால் அங்கே வேறொரு விதி உண்டு. நமக்கும் நிலவுக்கும் நடுவில் காற்று மண்டலம் இருக்கிறது. வானத்தின் நீலம் அந்தக் காற்றிலிருந்து வருவது. நிலவுக்கு அப்பாலிருந்து வருவதல்ல. ஆகவே நிலவின் வட்டத்துக்குள்ளும் அந்த நீலம் சேர்ந்தே தெரியும். நிலவின் எந்தப் பகுதியும் அருகிலுள்ள வானத்தைவிடக் கருப்பாக இருக்க முடியாது. பகல் நிலவை ஒருநாள் உற்றுப் பாருங்கள். அதன் கறைகள் வானத்தின் நிறத்திலேயே இருக்கும், நிலவில் ஓட்டை விழுந்து வானம் தெரிவதுபோல. மாலைப் படத்தில் கருத்த கறைகளோடு நிலவை ஒட்டினால், அது கண்ணாடியில் ஒட்டிய பொட்டுப்போல் முன்னால் வந்து நிற்கும்.

கணினியில் இதைச் செய்வது எளிது. GIMP போன்ற மென்பொருளில் நிலவுப் படத்தை மேலே ஓர் அடுக்காக வைத்து, அடுக்கின் கலப்பு முறையை Screen என்று மாற்றுங்கள். அது கீழே உள்ள ஒளியோடு மேலே உள்ள ஒளியைக் கூட்டுவது போன்ற கணக்கு. கருப்பு எதையும் கூட்டாது என்பதால், நிலவைச் சுற்றியுள்ள கருவானம் தானாக மறையும். ஓரம் வெட்டவும் வேண்டாம். பிறகு Opacity என்பதைக் குறைத்து நிலவை வெளிறச் செய்யுங்கள். மாணவர் பாதிக்குச் சற்று மேல் வைத்தார். தாழ்ந்த நிலவு என்பதால் இலேசாக மஞ்சளும் சேர்த்தார்.

இன்னொன்று சொன்னேன். நிலவுப் படங்கள் பெரும்பாலும் நிலவின் வடக்கு மேலே இருக்குமாறு அச்சிடப்படுகின்றன. நம் ஊரில் கிழக்கே உதிக்கும் நிலவுக்கு வடக்கு இடப்பக்கம். எனவே படத்தை இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்ப வேண்டும். வலது மேல் ஓரத்தில் தனியாகத் தெரியும் சிறு முட்டை வடிவக் கறை, அப்போது உச்சிக்கு அருகே வந்துவிடும். 27 பிக்சலில் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் கேட்டார். நியாயம்தான். ஆனாலும் திருப்பினார்.

மூன்றாம் நாள் புதிய படத்தோடு வந்தார். பொன்னிற மாலை ஒளியில் சிலை; அதன் தோளுக்கு வலப்புறம், தலை உயரத்தில் வெளிறிய ஒரு சிறு நிலவு. முதல் படத்தின் ஆரவாரம் இல்லை. ஆனால் நம்பலாம்போல இருந்தது. படத்தின் ஓரத்தில் “இரு படங்களின் இணைப்பு” என்று சிறு எழுத்தில் போடவும் ஒப்புக்கொண்டார். மாமாவிடம் காட்டினீர்களா என்று கேட்டேன்.

காட்டியிருக்கிறார். இந்த முறை மாமா நெடுநேரம் பார்த்தாராம். நிழல் சரி, இடம் சரி, நேரமும் சரி என்றாராம். பிறகு விரலை நிலவின் மேல் வைத்து, “இந்தத் துண்டு மேகத்துக்கு முன்னால நிலா எப்படி மக்களே நிக்கும்?” என்று கேட்டாராம்.

பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான். அடிவானத்து மேகத்தின் மெல்லிய கீற்று ஒன்று நிலவின் கீழ்ப்பகுதியைக் கடந்து சென்றது. Screen முறை ஒளியைக் கூட்டுமே தவிர, எது முன்னால் எது பின்னால் என்று அதற்குத் தெரியாது. மேகத்தின் மேலேயே நிலவைப் பதித்துவிட்டது. அந்தக் கீற்று வரும் இடத்தில் மட்டும் நிலவு அடுக்கை மென்மையான தூரிகையால் பாதி அழித்தார். மேகத்தின் நடுப்பகுதியில் நன்றாகவும், விளிம்பில் இலேசாகவும். கால்மணி நேர வேலை. மாலை 5 மணிக்குப் படத்தை மலர்க் குழுவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.